கவிழ்ந்த புல்லட்டைத் தனியாளாக நிமிர்த்துவது எப்படி? சாய்விலும் இளகிய மண்ணிலும் அதை நிறுத்துவது எப்படி?

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் எடை, பெட்ரோலும் ஆயிலும் சேர்த்து 195 கிலோ. அதே நிறுவனத்தின் சூப்பர் மீட்டியார் 650 என்றால் 241 கிலோ. இந்த எடையைக் கேட்டதுமே 'தனியாளால் முடியாது' என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்கள் உண்டு. குனிந்து ஹேண்டிலைப் பிடித்து ஒரே மூச்சில் இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. வண்டி முழுவதையும் தரையிலிருந்து தூக்கப் போவதில்லை என்பதை இரண்டு தரப்பும் மறந்துவிடுகிறது. இரண்டு டயரும் தரையைத் தொடும் கோட்டை அச்சாக வைத்து, வண்டியை உருட்டித்தான் நிமிர்த்துகிறோம்.

ஒரு தோராயக் கணக்கு போடலாம். எடையின் மையம் டயரின் அடியிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஹேண்டில் பிடி ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது. கிராஷ் கார்டு தாங்கியபடி 60 டிகிரி சாய்ந்து கிடக்கும் கிளாசிக்கை அசைக்கத் தொடக்கத்தில் 85 கிலோ அளவுக்கு விசை வேண்டும். வண்டி பாதி எழுந்து 30 டிகிரி சாய்வுக்கு வந்ததும் அது 50 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். 10 டிகிரியில் 17 கிலோ போதும். சிரமமெல்லாம் முதல் ஒன்றரை அடி உயரத்தில்தான். அந்த முதல் பகுதியில் மேல்நோக்கித் தூக்க வேண்டியிருக்கிறது, பிறகு பக்கவாட்டில் தள்ளினாலே எழுந்துவிடும். தொடைத் தசைக்கு 85 கிலோ பெரிய காரியமில்லை. முதுகெலும்பைக் குனியவைத்து அதே 85 கிலோவை ஏற்றினால்தான் வினை.

கிராஷ் கார்டு இல்லாத வண்டி இன்னும் தாழ்வாகக் கிடக்கும், அதனால் தொடக்க விசையும் கூடும். கிராஷ் கார்டை அழகுக்கு மாட்டுவது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

தொடுவதற்கு முன்

வண்டி விழுந்தவுடன் அவமானத்தில் பாய்ந்து தூக்கத் தோன்றும். அந்தப் பரபரப்பில் அடிபட்ட மணிக்கட்டின் வலிகூட உடனே தெரியாது. ஒரு நிமிடம் நின்று கை, தோள், முழங்கால், கணுக்கால் எல்லாவற்றையும் மடக்கி நீட்டிப் பாருங்கள். வளைவில் விழுந்திருந்தால் முதல் வேலை பின்னால் வரும் வாகனங்களை எச்சரிப்பது. முதுகில் டிஸ்க் பிரச்சினை, குடலிறக்கம், அண்மையில் அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் இந்த முறை உங்களுக்கு வேண்டாம், யாராவது வரும்வரை காத்திருங்கள்.

அடுத்தது கில் சுவிட்ச். பிறகு சாவி. இப்போதைய ராயல் என்ஃபீல்டு வண்டிகளில், கவிழ்ந்தால் எஞ்சினைத் தானாக அணைக்கும் சென்சார் இருக்கிறது. இருந்தாலும் அதை நம்பி விட்டுவிடாமல் கையால் அணைத்துவிடுங்கள். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி என்றால் பெட்ரோல் டேப்பையும் மூட வேண்டும். டேங்க் மூடியின் ஓரமாகப் பெட்ரோல் கசிகிறதா, அது சைலன்சர் பக்கம் ஓடுகிறதா என்று பாருங்கள். கசிந்தால் அருகில் பீடி சிகரெட் யாரும் பற்றவைக்கக் கூடாது.

பைகளைக் கழற்றுங்கள். பின்சீட்டில் கட்டிய 15 கிலோ மூட்டை எடைமையத்துக்கு மேலே இருப்பதால், நிமிர்த்தும்போது வண்டியின் சொந்த எடையில் 15 கிலோ கனப்பதைவிடக் கூடுதலாகவே கனக்கும். பஞ்சி கயிற்றை அவிழ்க்க ஆகும் இரண்டு நிமிடத்தைப் பார்க்காதீர்கள்.

எந்தப் பக்கம் விழுந்தது?

அடுத்து என்ன செய்வது என்பதை வண்டி விழுந்த பக்கம்தான் தீர்மானிக்கிறது. சைடு ஸ்டாண்டும் கியர் லீவரும் வண்டிக்கு இடப்பக்கம். முன் பிரேக் லீவர் வலப்பக்கம்.

வலப்பக்கம் விழுந்திருந்தால் ஸ்டாண்டும் கியரும் மேலே, கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். நிமிர்த்துவதற்கு முன்பே ஸ்டாண்டை முழுதாக விரித்துவிடுங்கள். கியர் நியூட்ரலில் இருந்தால் லீவரைக் கையால் கீழே அழுத்தியபடி பின்சக்கரத்தைச் சற்று முன்னும் பின்னும் உருட்டுங்கள். 'டொக்' என்று முதல் கியர் விழும். சக்கரத்தைச் சுழற்றாமல் அழுத்தினால் பல நேரம் கியர் விழாது. எஞ்சின் ஓடாமல் கியர் விழுந்திருந்தால் பின்சக்கரம் பூட்டியது போலத்தான். இப்போது வண்டி நிமிர்ந்து அந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஸ்டாண்டில்தான் உட்காரும்.

இடப்பக்கம் விழுந்திருந்தால் ஸ்டாண்டும் கியரும் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். ஆனால் முன் பிரேக் லீவர் மேலே இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்துக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். சைக்கிள் டியூபில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிய வளையம் இதற்கு அருமையான பொருள், ஹேண்டிலிலேயே எப்போதும் மாட்டி வைக்கலாம். இல்லையென்றால் கைக்குட்டை, ஹெல்மெட் பையின் நாடா, எதுவும் சரி. மெதுவாகப் போகும்போது எஞ்சின் அணைந்து விழுந்த வண்டியாக இருந்தால் பெரும்பாலும் கியரிலேயே கிடக்கும், பின்சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கியர் வலக்காலில் உள்ள பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் அவர்களுக்கு ஸ்டாண்டு மட்டும்தான் கைக்குக் கிடைக்கும்.

இந்த ஏற்பாடு எதுவும் செய்யாமல் நிமிர்த்தினால் என்ன ஆகும்? முதல் வகைத் தவறில், வண்டி முழு நேராக எழுந்து, தள்ளிய வேகத்திலேயே அடுத்த பக்கம் விழும். இதுவரை கீறல் படாத பக்கமும் போகும். இரண்டாம் வகையில், பாதி எழுந்த நிலையில் சக்கரங்கள் உருளத் தொடங்கி, உங்கள் பிடி நழுவி, வண்டி உங்கள் காலை நோக்கி வரும். ஆபத்து அதிகம் இரண்டாவதில்தான்.

நிமிர்த்தும் முறை

ஹேண்டிலை, தரையில் இருக்கும் பக்கம் நோக்கி முழுதாகத் திருப்புங்கள். இடப்பக்கம் கிடக்கும் வண்டிக்கு இடப்பக்கம். முன்டயரின் முனை தரையைப் பார்க்கும், கீழே இருக்கும் கைப்பிடி டேங்கை ஒட்டி வரும். அந்தக் கைப்பிடிதான் உங்கள் நெம்புகோல்.

கால் வைக்கும் இடத்தைச் செருப்போ ஷூவோ கொண்டு தேய்த்து, ஜல்லி, மணல், காய்ந்த இலை எல்லாவற்றையும் விலக்குங்கள். சாலை பளபளவென்று இருந்தால் டயர்களுக்கு அந்தப் பக்கம், அதாவது நீங்கள் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், ஒரு கல்லை முட்டுக் கொடுங்கள். நீங்கள் சீட்டைத் தள்ளும்போது வண்டி எழாமல் டயர்கள் வழுக்கி விலகிப் போவதை அது தடுக்கும்.

இப்போது வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சீட்டின் ஓரத்தில் புட்டம் பதியுமாறு உட்காருவது போல இறங்குங்கள். இடுப்புக்கு மேலுள்ள முதுகு சீட்டில் படக் கூடாது, புட்டம்தான் பட வேண்டும். இடம் ஓட்டுநர் சீட்டின் நடுப்பகுதி. டேங்க் பக்கம் அதிகம் நகர்ந்தால் முன்பகுதி மட்டும் எழுந்து பின்பகுதி தேயும், பின்சீட்டுப் பக்கம் நகர்ந்தால் ஹேண்டில் எட்டாது.

இடப்பக்கம் கிடக்கும் வண்டி என்றால், முதுகைக் காட்டி நிற்கும் உங்களுக்கு வண்டியின் முன்பக்கம் வலக்கைப் பக்கம் இருக்கும். வலக்கையால் கைப்பிடியை, உள்ளங்கை மேல்நோக்கி இருக்குமாறு அடியிலிருந்து பிடியுங்கள். இடக்கையால் சீட்டுக்குப் பின்னுள்ள கிராப் ரெயிலையோ சீட்டுக்குக் கீழேயுள்ள சட்டகத்தையோ பிடியுங்கள். மட்கார்டு, இண்டிகேட்டர், பக்கவாட்டு மூடி எதுவும் பிடிக்க உகந்ததில்லை, கையோடு வந்துவிடும். வலப்பக்கம் கிடந்தால் கைகள் இடம் மாறும். கிளாசிக்கின் சைலன்சர் வலப்பக்கம்தான் இருக்கிறது, ஓடி வந்த வண்டி என்றால் கெண்டைக்கால் அதில் உரசாமல் நிற்க வேண்டும்.

இரு கைகளும் நீட்டி, முழங்கை மடங்காமல் இருக்கட்டும். கைகளுக்கு இங்கே கயிற்றின் வேலை மட்டும்தான். மடக்கி இழுத்தால் புஜத் தசைநார் பிய்ந்துபோகும் ஆபத்து உண்டு.

பாதங்கள் ஓரடி இடைவெளியில், உடலுக்குச் சற்று முன்னால். முழங்கால் நாற்காலியில் உட்கார்ந்த அளவுக்கு மடங்கியிருக்கட்டும், அதைவிட ஆழமாக உட்கார்ந்தால் எழுவது கடினம். மார்பு நிமிர்ந்து, பார்வை எதிரே நேராக. குனிந்து பாதத்தைப் பார்த்தால் முதுகு தானாக வளைந்துவிடும்.

மூச்சை இழுத்துப் பிடித்து, குதிகாலால் தரையை அழுத்தி, புட்டத்தால் சீட்டைப் பின்னோக்கி மேலே தள்ளுங்கள். தொடை நிமிர நிமிர வண்டி எழும். தொடை முழுதாக நிமிர்வதற்குள் பாதங்களை ஒவ்வொன்றாக, அரைப் பாத அளவுக்குப் பின்னோக்கி நகர்த்துங்கள். ஒரு பாதம் நகரும்போது மற்றது அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய எட்டு வைத்தால் அந்த ஒரு நொடியில் எடை திரும்பி உங்கள் மேல் வரும். நிறுத்தி இளைப்பாற இடம் கிடையாது. தொடங்கினால் முடித்துவிட வேண்டும், மொத்தமே ஐந்தாறு நொடி வேலை.

பாதிக்கு மேல் வந்ததும் விசை குறைவது உடம்புக்குத் தெரியும். அப்போது நீங்களும் வேகத்தைக் குறையுங்கள். பலரும் தவறுவது இந்த இடத்தில். கடைசிப் பத்து டிகிரியைப் பதினேழு கிலோவால் முடிக்கலாம் என்று பார்த்தோம், அங்கே எண்பது கிலோவைக் கொடுத்தால் வண்டி எதிர்ப்பக்கம் பறந்துவிடும்.

வலப்பக்கத்திலிருந்து நிமிர்த்தினால், நேராக வந்ததும் மெல்ல அந்தப் பக்கம் சாய விடுங்கள், விரித்த ஸ்டாண்டில் உட்காரும். இடப்பக்கத்திலிருந்து நிமிர்த்தினால் வண்டி உங்கள் இடுப்பில் லேசாகச் சாய்ந்திருக்கட்டும். கைப்பிடியை விடாமல், இடுப்பை வண்டியிலிருந்து பிரிக்காமல் அப்படியே வண்டியைப் பார்த்துத் திரும்பி, காலால் ஸ்டாண்டைத் தட்டி விரித்து, உங்களை நோக்கிச் சாய்த்து நிறுத்துங்கள்.

இரண்டு முறை முயன்றும் அசையவில்லை என்றால், மூன்றாம் முறை அதே போலத் தள்ளுவதில் பயனில்லை, எங்கே தவறுகிறது என்று பாருங்கள். குதிகால் வழுக்கினால் தரையில்தான் பிரச்சினை. ஒரு முனை மட்டும் எழுந்தால் உட்கார்ந்த இடம் தவறு. சக்கரம் விலகிப் போனால் முட்டுக் கல் போதவில்லை. ஈரக் களிமண்ணிலும் ஆற்று மணலிலும் இந்த முறையே பல நேரம் தோற்றுப்போகும், காலுக்குப் பிடிமானம் இல்லாமல் தொடைப் பலம் எங்கே போகும்? அங்கே பாதத்துக்குக் கீழே கோணிச்சாக்கோ பலகையோ போட்டால்தான் முடியும்.

கொண்டை ஊசி வளைவில் விழுந்தால்

சமதளத்தில் சொன்னதெல்லாம் சாய்வில் அப்படியே பொருந்தாது. கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம், 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை. ஏறும்போது இடப்பக்க வளைவு ஒன்றில் எதிரே பேருந்து வருகிறது, வேகத்தைக் குறைக்கிறீர்கள், எஞ்சின் அணைகிறது, இடக்காலை ஊன்றப் பார்க்கிறீர்கள். வளைவின் உட்பக்கம் தாழ்வாக இருப்பதால் தரை கால் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. வண்டி இடப்பக்கம், தாழ்வை நோக்கிக் கவிழ்கிறது.

இப்போது சக்கரங்கள் மேட்டுப் பக்கமும் சீட்டும் ஹேண்டிலும் பள்ளத்துப் பக்கமும் கிடக்கின்றன. கிடைப்பதிலேயே மோசமான நிலை இதுதான். சாலையின் சாய்வு வண்டியின் சாய்வோடு சேர்ந்துகொள்கிறது. 60 டிகிரி கிடந்தது 70 ஆகிறது. அதோடு நீங்கள் பள்ளத்தில் நின்றுகொண்டு வண்டியை மேட்டை நோக்கித் தள்ள வேண்டும், நழுவினால் உங்கள் மேல்தான் விழும். இங்கே நேராக நிமிர்த்தப் பார்க்கவே கூடாது.

முதலில் வண்டியைக் கிடந்த வாக்கிலேயே சுழற்றுங்கள். கிராஷ் கார்டும் ஃபுட்ரெஸ்டும் தரையில் ஊன்றியிருக்கும் இடம் ஒரு முளை போல வேலை செய்யும். மேட்டுப் பக்கம் நின்று, பின்சக்கரத்தையும் கிராப் ரெயிலையும் பிடித்துப் பின்பகுதியைப் பள்ளத்தை நோக்கித் தள்ளுங்கள். இறக்கம் உதவி செய்வதால் நினைத்ததைவிட எளிதாகத் திரும்பும். கிராஷ் கார்டில் கீறல் விழும், அதற்காகத்தான் அது இருக்கிறது. முன்சக்கரம் மேட்டையும் பின்சக்கரம் பள்ளத்தையும் பார்க்கும்படி வந்தால் நல்லது. முழுதாகத் திரும்பாமல் பாதி திரும்பினாலும் வித்தியாசம் பெரிதாக இருக்கும்.

இதில் எந்த நேரத்திலும் வண்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவே நீங்கள் நிற்கக் கூடாது.

இப்போது முன் பிரேக்கைக் கட்டுங்கள். பின்சக்கரம் கியரில் இருக்கிறதா என்று பாருங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் தேங்காய் அளவு கல் ஒன்று. மேல்நோக்கி நிற்கும் வண்டியில் எடை பின்சக்கரத்துக்குப் போய்விடுவதால், முன் பிரேக் மட்டும் போதுமென்று இருக்காதீர்கள், கல்லும் வேண்டும். பிறகு சமதள முறையே. நீங்கள் சாய்வுக்குக் குறுக்கே நிற்பதால் இரு பாதமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும்.

வண்டி தலைகீழ் வரிசையில், அதாவது சக்கரம் பள்ளத்திலும் சீட்டு மேட்டிலும் கிடந்தால் நிமிர்த்துவது மிக எளிது, ஆனால் அந்த எளிமை ஏமாற்றும். வண்டி பாதியிலேயே இலகுவாகி, நேராக நிற்காமல் பள்ளத்துப் பக்கம் கவிழ்ந்துவிடும். அங்கேயும் முதலில் சுழற்றிவிட்டு நிமிர்த்துவதே நல்லது.

நிமிர்த்திய பிறகு

உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஆயிலும் பெட்ரோலும் தத்தம் இடத்துக்குத் திரும்ப ஐந்து நிமிடம் கொடுங்கள். அதற்குள் ஆக்சிலரேட்டரைத் திருகி விட்டுப் பாருங்கள். தானாக 'டக்'கென்று திரும்ப வேண்டும். கைப்பிடியின் முனை அடிபட்டு உள்ளே நகர்ந்திருந்தால் சிக்கி நிற்கும், அப்படியே ஸ்டார்ட் செய்தால் அடுத்த விபத்து தயார். பிரேக், கிளட்ச் லீவர்கள், வளைந்த கியர் லீவர், ஹேண்டிலின் நேர், எஞ்சினுக்குக் கீழே ஆயில் சொட்டு, இவற்றையும் ஒரு பார்வை.

ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் பதறாதீர்கள். கில் சுவிட்சை நீங்களேதான் அணைத்தீர்கள். சைடு ஸ்டாண்டு விரித்து கியரிலும் இருந்தால் இப்போதைய வண்டிகள் ஸ்டார்ட் ஆகாது. கவிழ்வுச் சென்சார் விடுபட, சாவியை ஒருமுறை அணைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும், ஸ்டார்ட்டர் 'டக்' என்ற ஒரே சத்தத்தோடு நின்றால் மேலும் அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் ஆயிலோ பெட்ரோலோ இறங்கியிருக்கலாம், அந்த நிலையில் வலிந்து சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளியேற்றிவிட்டுத்தான் சுழற்ற வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் வெண்புகை வந்தால் அது சைலன்சரில் போன ஆயில், அடங்கிவிடும்.

சாய்வில் நிறுத்துவது

கிளாசிக்கின் சைடு ஸ்டாண்டும் சென்டர் ஸ்டாண்டும் பின்னோக்கித்தான் மடங்குகின்றன. எனவே நிறுத்திய வண்டி முன்னால் உருண்டால் ஸ்டாண்டு தானாக மடங்கும். பின்னால் உருளப் பார்த்தால் ஸ்டாண்டு தன் முட்டில் இன்னும் இறுகும். சாய்வில் வண்டியின் முகம் எப்போதும் மேட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். இறக்கத்தைப் பார்த்து நியூட்ரலில் நிறுத்திய வண்டி, பக்கத்தில் லாரி போகும் அதிர்விலேயே நகரலாம்.

முறை இது. வண்டியை மேட்டைப் பார்த்து நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்தபடியே எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டுக் கிளட்சை விடுங்கள். இப்போது பிரேக்கை மெல்லத் தளர்த்தினால் வண்டி சற்றுப் பின்னால் நகர்ந்து நிற்கும். செயினிலும் கியரிலும் உள்ள தளர்வு இப்படித் தீர்ந்த பிறகுதான் ஸ்டாண்டை விரிக்க வேண்டும். முதலில் ஸ்டாண்டைப் போட்டுவிட்டுப் பிறகு கிளட்சை விட்டால், அந்த நகர்வில் ஸ்டாண்டின் அடி இடம் மாறும். சாய்வு கூடுதலாக இருந்தால் பிரேக்குக்கு ரப்பர் வளையமும் பின்சக்கரத்துக்குக் கல்லும் சேருங்கள்.

சாலையோரத்தில் திண்டு இருந்தால் பின்சக்கரம் அதில் முட்டும்படி பின்னோக்கி நுழைத்து நிறுத்துவது நல்ல வழி. கிளம்பும்போதும் பின்னால் தள்ள வேண்டியிருக்காது.

குறுக்குச் சாய்வு தனிக்கதை. நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்தவை. இடது ஓரத்தில் நிறுத்தினால் வண்டி வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாய்ந்து, ஸ்டாண்டின் மேல் எடை ஏறும். வலது ஓரத்தில் போய் நிறுத்தினால் தரை வலப்பக்கம் தாழ்வதால் வண்டி ஏறக்குறைய நேராக நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் யாராவது உரசினாலோ காற்று வீசினாலோ வலப்பக்கம் சாயும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை வலப்பக்கத்திலிருந்து சோதனைக்காக ஒரு கையால் இழுத்துப் பாருங்கள், இலகுவாக வந்தால் அந்த இடம் வேண்டாம். பின்சீட்டில் கனமான மூட்டை ஏற்றினால் ஷாக் அப்சார்பர் அமுங்கி வண்டி தாழும், ஸ்டாண்டின் நீளம் மாறாததால் வண்டி இன்னும் நிமிர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலை இடப்பக்கம் முழுதாகத் திருப்பிப் பூட்டுவது எல்லா இடத்திலும் நல்லது.

மண்ணும் உருகும் தாரும்

சைடு ஸ்டாண்டின் அடி இரண்டு மூன்று விரல் அகலம்தான். அந்தச் சின்னப் பரப்பின் மேல் இருபது முப்பது கிலோவுக்குக் குறையாமல் அழுத்துகிறது. மழை நின்ற மண்ணில் நிறுத்தியதும் உறுதியாகத்தான் தெரியும், அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வண்டியைச் சாய்த்துவிடும். சித்திரை வெயிலில் மதியத் தார்ச்சாலையும் இப்படித்தான், குறிப்பாகப் புதிதாகப் போட்ட தார். காலையில் நிறுத்திவிட்டுப் போனவர் மூன்று மணிக்கு வந்து பார்த்தால் ஸ்டாண்டு ஒரு அங்குலம் புதைந்திருக்கும்.

வழி எளிது. உள்ளங்கை அளவு, அதாவது 10 சென்டிமீட்டர் சதுரத்தில் அரை அங்குல பிளைவுட் துண்டு ஒன்றை எப்போதும் சீட்டுக்கு அடியிலோ பையிலோ வையுங்கள். ஒரு மூலையில் துளையிட்டு, ஹேண்டில் எட்டும் நீளத்துக்குக் கயிறு கட்டினால் குனியாமலே போடலாம், எடுக்கலாம். கயிற்றின் மறுமுனையை ஹேண்டிலில் மாட்டி வைத்தால் மறக்காமலும் இருக்கும். பலகை இல்லாத நேரத்தில் ஓட்டுத் துண்டு, தட்டைக்கல், நசுக்கிய டின் எதுவும் உதவும். முழுச் செங்கல்லை மட்டும் வைக்காதீர்கள், அதன் உயரம் வண்டியை நிமிர்த்தி வலப்பக்கம் சாய்த்துவிடும்.

இளகிய தரையில் சென்டர் ஸ்டாண்டு பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதன் இரண்டு கால்களில் ஒன்று மற்றதைவிடச் சற்று அதிகம் இறங்கினாலே, நேராக நிற்கும் வண்டி அந்தப் பக்கம் போய்விடும். பலகை வைத்த சைடு ஸ்டாண்டே மேல். கடற்கரை மணலில் பலகையும் போதாமல் போகலாம். அங்கே முதல் கியரில் பின்சக்கரத்தை மெல்லச் சுழலவிட்டு அச்சுவரை போகாமல், டயரின் கால்பங்கு புதையும் அளவுக்கு மட்டும் இறக்கினால் வண்டி தானாகவே பிடித்து நிற்கும். பலகையையும் போட்டு இறங்கலாம். ஆனால் வெளியே எடுக்க மணலைக் கையால் ஒதுக்க வேண்டியிருக்கும்.

நிறுத்திய பின் ஒரு நிமிடம் பக்கத்திலேயே நின்று ஸ்டாண்டின் அடியைக் கவனியுங்கள். பிறகு சீட்டைக் கையால் ஸ்டாண்டுப் பக்கமாக அழுத்தி விடுங்கள். விளிம்பைச் சுற்றி மண் பிதுங்கினால் இடம் மாற்றுங்கள். ஸ்டாண்டு போட்ட வண்டியில் இடது ஃபுட்ரெஸ்டை மிதித்து ஏறும் பழக்கமும் இந்தத் தரைகளில் கூடாது, உங்கள் எடையும் சேர்ந்து அதே சின்ன அடியில்தான் இறங்குகிறது.

சாய்விலிருந்து கிளம்பும்போது வரிசை முக்கியம். முதலில் ஏறி உட்கார்ந்து முன் பிரேக்கைக் கையால் பிடியுங்கள், பிறகு ரப்பர் வளையத்தைக் கழற்றுங்கள், பிறகு ஸ்டாண்டை மடக்கி ஸ்டார்ட் செய்யுங்கள். பின்சக்கரத்துக் கல் அதுவரை அங்கேயே இருக்கட்டும். வண்டி முன்னேறிய பின், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இறங்கி வந்து அந்தக் கல்லைச் சாலையை விட்டு ஓரமாகத் தள்ளிவிட்டுப் போங்கள். வளைவில் கிடக்கும் கல் அடுத்து வரும் இருசக்கர வாகனத்தைக் கவிழ்க்கும்.